திறப்பு இல்லாத பிரதமர்

நம் பாடசாலைகளில் மாணவர் பாராளுமன்றம் இருக்கிறது. வாக்களிப்பு, சபாநாயகர், பிரதமர், அமைச்சர்கள் எல்லாம் உண்டு. நூலகத் திறப்பு மட்டும் அவர்களிடம் இல்லை.

நானாட்டான் பக்கத்துப் பிள்ளைகள் பரீட்சைக் காலத்தில் நூலகத்தை மாலையிலும் திறக்கச் சொல்லிக் கேட்டால், நியாயம் எவருக்கும் விளங்கும். பாடசாலை காலை 7.30 முதல் பிற்பகல் 1.30 வரை. நூலகமும் அதே நேரந்தான். வகுப்பில் இருக்கும்போது திறந்திருக்கும், வகுப்பு முடிந்தால் பூட்டிவிடுவார்கள். இதைவிட ஒழுங்காகப் புத்தகங்களை மாணவரிடமிருந்து காப்பாற்ற முடியாது.

நிர்வாகத்தின் பயமும் பொய்யல்ல. ஆண்டு முடிவில் பொருட்கணக்கெடுப்பு வரும். புத்தகம் ஒன்று குறைந்தால் பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும். யாரும் வாசிக்காத புத்தகத்துக்கு எவரும் விளக்கம் கேட்பதில்லை.

ஆகவே கோரிக்கைக் கடிதத்தில் "நூலக நேரத்தை நீடியுங்கள்" என்று எழுதினால் அது கோப்புக்குள் போய்விடும். "அலுமாரிகளைப் பூட்டிவிட்டு மேசையையும் மின்விளக்கையும் தாருங்கள், மூன்று மணியிலிருந்து ஆறு மணிவரை, பரீட்சை முடியும்வரை மட்டும், பொறுப்பாசிரியர் முறைப்பட்டியல் இணைப்பில், கடைசி பஸ்ஸுக்கு முன் கலைவோம்" என்று எழுதுங்கள். மறுப்பதற்கு அப்போது புதிதாக ஒரு காரணம் தேட வேண்டிவரும். அதற்குள் பரீட்சை முடிந்துவிடாமலிருக்க, கடிதத்தைத் தவணைத் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுங்கள், பிரதமரே.