மூக்கிலிருந்து உரிந்து வருவது அழுக்கா?

கேள்வி: மூக்கில் ஒட்டி உரிக்கும் ஸ்ட்ரிப்பில் முள்முள்ளாக நிற்பது அழுக்குதானே?

பதில்: பெரும்பாலும் அல்ல. சருமத் துளைக்குள் சுரக்கும் எண்ணெயும் உதிர்ந்த செல்களும் சேர்ந்து மெல்லிய திரியாக நிற்கின்றன. விளக்குத் திரியைப் போல, உள்ளே சுரக்கும் எண்ணெய் தோலின் மேற்பரப்புக்கு ஏறிவர அது வழிசெய்கிறது. எல்லார் மூக்கிலும் இந்தத் திரி உண்டு. ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்தால், வெளிர் மஞ்சளாக நூலிழைபோல நிற்பவை திரிகள். தலை கறுத்து, தடித்து, கெட்டியாக இருப்பவைதான் கரும்புள்ளிகள். கரும்புள்ளியின் கறுப்பும் அழுக்கல்ல. தோலின் நிறமியான மெலனினும் காற்றுப்பட்டு மாறிய எண்ணெயும் கொடுத்த நிறம் அது. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாததற்குக் காரணம் இதுதான்.

கேள்வி: எதுவாக இருந்தாலும் எடுத்துவிட்டால் துளை சுத்தம்தானே?

பதில்: சில நாட்களுக்கு மட்டும். மூக்கை நனைத்து ஸ்ட்ரிப்பை ஒட்டும்போது, அதிலுள்ள பசை ஈரத்தில் இளகித் திரியின் நுனியைப் பற்றிக்கொள்கிறது. பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்து அட்டைபோல விறைத்ததும், உரிக்கிற வேகத்தில் நுனியோடு திரியும் வருகிறது. ஆனால் எண்ணெய்ச் சுரப்பி இருந்த இடத்திலேயே இருக்கிறது. ஏறக்குறைய ஒரு மாதத்துக்குள் துளை மறுபடி நிரம்பிவிடும். துளையின் அளவும் குறைவதில்லை. அதைத் திறந்து மூடத் துளையில் தசை கிடையாது.

கேள்வி: கரி சேர்த்த மாஸ்க் அழுக்கை உறிஞ்சும் என்கிறார்களே?

பதில்: கரிக்கு அந்தக் குணம் உண்மையிலேயே உண்டு. விஷம் குடித்தவர்கள் சிலருக்கு மருத்துவமனையில் கரித்தூளை நீரில் கலக்கிக் கொடுப்பார்கள். வயிற்றில் விஷமும் கரியும் ஒரே திரவத்தில் கலப்பதால் விஷம் கரியின் நுண்துளைகளில் ஒட்டிக்கொள்கிறது. முகத்தில் அப்படிக் கலக்க வழியில்லை. உரித்தெடுக்கும் மாஸ்க்கில் கரித்துகளைச் சுற்றிப் பசைதான் இருக்கிறது. திரியோ துளைக்குள் இருக்கிறது. இங்கே வேலை செய்வது பசை. கரியால் கிடைப்பது கறுப்பு நிறம்தான்.

கேள்வி: உரிக்கும்போது கண்ணில் நீர் வருமளவு வலிக்கிறது. வேலை செய்கிறது என்று அர்த்தமா?

பதில்: இல்லை. அந்தப் பசை பூனைமுடியையும் தோலின் மேலடுக்கையும் சேர்த்துப் பிடுங்குகிறது. பருவுக்காக ரெட்டினாய்டு களிம்பு பூசுபவர்களின் மேல்தோல் ஏற்கெனவே நலிந்திருக்கும். அவர்களுக்குத் தோலே உரிந்து புண்ணாகலாம். உரித்தபின் சிவப்பு மறுநாளும் தணியாவிட்டால் காயம் பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். கரித்தூளைச் சூப்பர் க்ளூவில் குழைத்து வீட்டிலேயே மாஸ்க் செய்வது பேராபத்து. அது காயும்போது சூடேறும், உரித்தால் தோலோடு வரும்.

கரும்புள்ளிக்கு ஏற்றது சாலிசிலிக் அமிலம். எண்ணெயில் கரைவதால் அது துளைக்குள் இறங்கி, அடைத்திருக்கும் செல்களைத் தளர்த்துகிறது. 2 சதவீதம் கொண்டதை முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள் இரவில் பூசிப் பார்க்கலாம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தோல் வறண்டு எரிந்தால் இடைவெளியைக் கூட்ட வேண்டும்.