கையில கொடுத்தாதான் கொடுத்த மாதிரியாம்

"கையில குடுத்தாதான் தம்பி, குடுத்த மாதிரி இருக்கும்." இனி இந்த வாக்கியத்தை யாராவது என்னிடம் சொன்னால் அவர் வீட்டுச் சாம்பாரில் புளியை விட்டுவிடுவதாக இருக்கிறேன். போன முகூர்த்தத்தில் கேட்டது இன்னும் காதில் ரீங்கரிக்கிறது. நான் திருக்கோவிலூரில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுப்பவன். அடுப்புச் சூட்டில் நிற்பதற்குப் பழகிவிட்டேன். பாக்கிக்காக மண்டபத்து வாசலில் நிற்பதற்குத்தான் இன்னும் பழகவில்லை.

கணக்கு எளிதுதான். 1,200 இலை, இலைக்கு 220 ரூபாய், ஆக 2,64,000. பெண்ணின் அப்பா அட்வான்ஸாக 50,000 கொடுத்தார். பெண்ணழைப்பு அன்று இன்னொரு லட்சம். இரண்டும் ரொக்கம். மிச்சம் 1,14,000. அதையாவது பேங்க் வழியாகப் போட்டுவிடுங்கள் ஐயா, கணக்குத் தெளிவாக இருக்கும் என்றேன். அதில் மூன்று நன்மைகள் இருப்பதாகவும் சொன்னேன். முதலாவதிலேயே பொழுது போய்விட்டது.

முதலாவது, சட்டம். ஒரு விசேஷத்துக்காக ஒருவரிடமிருந்து மொத்தமாக இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக்கூடாது. 2017 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து இருக்கிற வருமான வரி விதி இது. மீறினால் எவ்வளவு வாங்கினோமோ அவ்வளவும் அபராதம். இதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் வாடியது. அபராதம் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவனுக்குத்தான் என்று நேர்மையாகச் சேர்த்துச் சொன்னேன். முகம் உடனே மலர்ந்துவிட்டது. "அப்ப எனக்கு ஒண்ணுமில்லையே?"

பிறகு அவரே வழியும் கண்டுபிடித்தார். ஒவ்வொரு தவணையும் இரண்டு லட்சத்துக்குக் கீழேதானே இருக்கிறது என்றார். எங்கள் ஊர் உலகளந்த பெருமாள் இரண்டு அடியில் உலகத்தை அளந்து, மூன்றாவது அடியைத் தலையில் வைத்த மாதிரிதான் இந்த மூன்று தவணையும். தலை என்னுடையது. தவணை எத்தனையாக இருந்தாலும் ஒரே விசேஷம் என்றால் எல்லாவற்றையும் கூட்டித்தான் பார்ப்பார்கள். சரி, பாதியை மாப்பிள்ளை வீட்டார் பேரில் வைத்துக்கொள் என்றார். கொடுப்பவர் இருவரானாலும் பேசிய வேலை ஒன்று, பில் ஒன்று. அந்த ஒரே கொடுக்கல் வாங்கலுக்கு வந்த ரொக்கம் இரண்டு லட்சத்தைத் தொட்டால் அதுவும் குற்றம்தான். அப்புறம் "செக்கு தரட்டுமா?" என்றார். தாராளமாகத் தரலாம், ஆனால் அக்கவுண்ட் பேயி என்று குறுக்கே கோடு போட்டிருக்க வேண்டும், கவுன்டரில் காட்டிப் பணமாக வாங்கும் செக் ரொக்கத்தோடுதான் சேரும் என்றேன். "இன்னாப்பா நீ, சமையல்காரனா, ஆடிட்டரா?" என்று கேட்டார். இந்தக் காலத்தில் ஒன்றாக இருந்தால் மற்றதாகவும் இருந்தாக வேண்டும்.

இத்தனையும் அவர் எங்கே உட்கார்ந்து பேசினார் தெரியுமா? மொய் எழுதும் மேசைக்குப் பக்கத்தில். என் வயிற்றெரிச்சலே அங்கேதான் இருக்கிறது. எனக்கு ஒரு துண்டுச்சீட்டுக்கூட எழுதித் தராத மனிதர், மொய்க்கு இரண்டு ஆளை உட்கார வைத்திருக்கிறார். ஒருவர் எண்ணுகிறார், இன்னொருவர் எழுதுகிறார். மேலே பிள்ளையார் சுழி, நான்கு மூலையிலும் மஞ்சள். ஊர், பேர், தொகை. ஊரில் ஒரே பேரில் இரண்டு பேர் இருந்தால் பக்கத்தில் அடையாளம்: மணலூர்ப்பேட்டை டிரைவர், அரகண்டநல்லூர் அரிசி மில் வீடு, ரிஷிவந்தியம் பழைய தலையாரி மகன். 501 என்றால் அந்த ஒரு ரூபாயும் ஏறும். பக்கத்துக்குப் பக்கம் கூட்டல், அடுத்த பக்கத்தின் தலையில் முந்தைய பக்கத்தின் மொத்தம். இப்படியொரு பேரேட்டை எங்கள் தெருவில் எந்தக் கடைக்காரரும் வைத்திருக்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் அந்த நோட்டு பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் போகிறது. இருபது வருடம் கழித்து ஒரு பத்திரிகை வந்தால் வெளியே வருகிறது. அந்த வீட்டார் நமக்கு என்ன வைத்தார்கள், நாம் என்ன திருப்ப வேண்டும்? கிழவிகள் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார்கள். 51 வைத்தவனுக்கு 101, 101 வைத்தவனுக்கு 201. வராமல் போனவன் பேரும் மனதில் ஏறிவிடும், அதற்கு நோட்டு வேண்டாம். மதுரைப் பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் வைத்து மொய் வாங்கி ரசீதே அடித்துக் கொடுக்கிறார்கள். சோழர் காலத்தில் கோயில் விளக்குக்கு இத்தனை ஆடு விட்டவர் இன்னார் என்று கல்லில் வெட்டி வைத்த பரம்பரை வேறு எப்படி இருக்கும்? ஆக, எங்கள் ஜனத்துக்குக் கணக்கு எழுத வராது என்று யாரும் சொல்ல வேண்டாம். கொடுத்தது திரும்பி வர வேண்டுமானால் நன்றாகவே வரும். சமையல்காரனுக்குக் கொடுத்தது திரும்பி வரப்போவதில்லை, அதனால் எழுதுவதில்லை. எழுதாததால் எவ்வளவு கொடுத்தோம் என்பதும் தெரிவதில்லை. தெரியாததால் அதிகமாகவே கொடுத்துவிட்டதாகத் தோன்றுகிறது.

முன்பொரு கல்யாணத்தில் இதே தகராறு. இருபதாயிரம் குறைகிறது என்றேன். "பாத்திரம் கழுவுற இடத்துல உன் ஆள்கிட்ட குடுத்தேனே, செவப்பா ஒரு பையன்" என்றார் வீட்டுக்காரர். என் ஆட்களில் சிவப்பாக யாரும் இல்லை. அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை என்பதுதான் கொடுமை. யாரிடமோ கொடுத்திருக்கிறார். அதுவே பேங்க் வழியாக வந்திருந்தால் தேதி, அனுப்பியவர் பேர், யுடிஆர் என்று ஒரு நீள எண், மூன்றும் என் ஸ்டேட்மென்ட்டில் விழுந்திருக்கும். சிவப்புப் பையன்களுக்கு அங்கே இடமில்லை. இது இரண்டாவது நன்மை.

மூன்றாவது நன்மை, ரொக்கத்தைச் சுமந்துகொண்டு அலைய வேண்டாம். ரொக்கம் எப்படி வருகிறது? மொய்ப் பணமே நேராக என்னிடம் வருகிறது, மஞ்சப் பையில். சந்தனம் ஒட்டிய நூறு, பன்னீரில் நனைந்த ஐந்நூறு, பத்தும் இருபதுமாக ஒரு கட்டு, அடியில் ஒரு ரூபாய் நாணயங்களின் குவியல். பணம் போடும் இயந்திரம் நாணயத்தைத் தொடாது. ஈர நோட்டைத் தின்று பார்த்துவிட்டுத் துப்பும். கவுன்டருக்குப் போனால், ரொக்கம் கட்டப் படிவம் எழுத வேண்டும். பத்து ரூபாய்க் கட்டைக் கண்டதும் கேஷியர் என்னை ஏற இறங்கப் பார்ப்பார், அதற்கு எந்தப் படிவமும் இல்லை.

கடைசியில் அவர் ஒப்புக்கொண்டார். மகள் நன்றாக இருக்கிற வேளையில் சண்டை எதற்கு என்று அவர் மனைவி சொன்னதால், நான் சொன்ன எதற்காகவும் அல்ல. கணக்கு எண்ணையும் ஐஎஃப்எஸ்சி குறியீட்டையும் எழுதிக் கொடுத்தேன். அதில் ஐந்தாவதாக இருப்பது எப்போதுமே பூஜ்யம், ஆங்கில 'ஓ' அல்ல என்பதை வட்டம் போட்டுக் காட்டினேன். போனில் தட்டினால் சேமிப்புக் கணக்குக்கு நெஃப்ட் இலவசம், ராத்திரியிலும் போகும் என்றேன். போனில் தட்டினால் பணம் காற்றில் போய்விடுமாம். வங்கிக்கே நேரில் போய்ப் படிவம் எழுதிக் கொடுத்தார். லட்சத்துக்கு மேல் இரண்டு லட்சம் வரை கிளையில் நெஃப்ட் செய்தால் 15 ரூபாய் வரை கட்டணம், அதற்குமேல் ஜிஎஸ்டி. அவருக்கு 17 ரூபாய் 70 காசு பிடித்திருக்கிறார்கள்.

சாயங்காலம் என் போனில் குறுஞ்செய்தி வந்தது. வரவு 1,13,982.30.

போன் செய்தேன். "நீதானே தம்பி பேங்க்ல போடச் சொன்ன? செலவு உன்னுதுதான்" என்றார்.