வெள்ளி எங்கே போச்சு?

கே: பஹாவ் செம்பனைத் தோட்டத்தில் புதிதாகச் சேர்ந்த பிள்ளைக்கு இபிஎஃப் சந்தா 408 வெள்ளி விழுந்திருக்கிறது. எடுக்கப் போனால் 40 வெள்ளி 80 காசுதான் காட்டுகிறது. மிச்சத்தை யார் சாப்பிட்டது?

ப: யாரும் சாப்பிடவில்லை, பூட்டி வைத்திருக்கிறார்கள். 1,700 வெள்ளி சம்பளத்துக்குத் தொழிலாளி பங்கு 187, முதலாளி பங்கு 221. 2024 மே 11 முதல், 55 வயது நிரம்பாதவர்களின் சந்தா மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. Akaun Persaraan-க்கு 306 வெள்ளி. அது 55 வயதுக்கு. Akaun Sejahtera-வுக்கு 61.20, அது வீடு, படிப்பு, மருத்துவம் போன்றவற்றுக்கு. Akaun Fleksibel-க்கு 40.80, இதை மட்டும் நினைத்தபோது எடுக்கலாம்.

அதிலும் ஒரு முறைக்குக் குறைந்தது 50 வெள்ளி எடுக்க வேண்டும். ஆக முதல் மாதம் கண்ணால் பார்க்கலாம்; இரண்டாம் சந்தா விழுந்து 81.60 ஆன பிறகுதான் கையால் தொடலாம்.

கே: KWSP i-Akaun செயலியில் விண்ணப்பம் ஏற்கப்பட்டுவிட்டது. பேங்க் புத்தகத்தில் பணம் ஏறவில்லையே? (லாபு)

ப: விண்ணப்பத்தை ஏற்பது இபிஎஃப்பின் வேலை, பணத்தை வாங்கிக்கொள்வது பேங்கின் வேலை. நடுவில் சில வேலை நாட்கள் ஓடும். அதற்கு மேலும் வராவிட்டால் பேங்க் கணக்கைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பழைய புத்தகம் ஓராண்டுக்கு மேல் அலமாரியில் தூங்கினால், பேங்கும் கணக்கைத் தூங்கவைத்துவிடும். வந்த பணம் திரும்பிப் போகும். வீட்டுக்காரர் கணக்கு எண்ணைக் கொடுத்தாலும் அதே கதிதான். கணக்கு உறுப்பினர் பெயரிலேயே, அவருடைய அடையாள கார்டு எண்ணிலேயே இருக்க வேண்டும். கார்டோடு பேங்குக்குப் போய்க் கணக்கை எழுப்பிவிட்டு, செயலியில் உள்ள எண்ணையும் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.

கே: 500 வெள்ளி கேட்டு, கணக்கில் 380தான் நிற்கிறது. வரி பிடித்தார்களா? (சிலியாவ்)

ப: அது இந்தியக் கவலை. அங்கே ஐந்தாண்டு சேவை முடியாமல் 50,000 ரூபாயோ அதற்கு மேலோ எடுத்தால் வரிப் பிடித்தம் உண்டு. மலேசியாவில் இந்தப் பணத்துக்கு வரியும் இல்லை, எடுக்கும் கட்டணமும் இல்லை.

மீதித் தொகையைப் பார்க்காமல் பேங்க் கணக்கறிக்கையை வரி வரியாகப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு வரியில் 500 வரவு. அடுத்த வரியில் 120 பற்று, மோட்டார் சைக்கிள் தவணை! கணக்கில் காசு எப்போது விழும் என்று தவணை காத்துக்கொண்டிருந்திருக்கிறது.

கே: சம்பளச் சீட்டில் சந்தா பிடித்திருக்கிறார்கள், இபிஎஃப் கணக்கில் காணோம். (ரந்தாவ், காண்ட்ராக்ட் தொழிலாளி)

ப: இதுதான் உண்மையான காணாமல் போன வழக்கு. ஒரு மாதச் சம்பளத்தின் சந்தாவை அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் முதலாளி கட்டியாக வேண்டும். பிடித்துவிட்டுக் கட்டாமலிருப்பது குற்றம். கிராணியிடம் கேட்டும் பதில் இல்லையென்றால், சம்பளச் சீட்டுகளோடு சிரம்பான் இபிஎஃப் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். சீட்டைக் கசக்கி எறிந்தவருக்கு அங்கே பேச்சு நீளும்.