பேய்க்கு எத்தனை பக்கம்?

கேள்வி: "பேய்க்கதை ஒன்று வேண்டும்" என்பதற்கு மேல் ஆசிரியர் வாய் திறக்காவிட்டால், அது எழுத்தாளருக்குக் கொடுத்த சுதந்திரமா, ஆசிரியரின் சோம்பலா?

பதில்: வேலையில் பாதியை எழுத்தாளர் தலையில் கட்டிவிடுவது அது. 1816 ஜூன் மாதம் ஜெனீவா ஏரிக்கரை வீடொன்றில், விடாத மழையால் அடைபட்டிருந்தவர்களிடம் ஆளுக்கொரு பேய்க்கதை எழுதலாம் என்று கவிஞர் பைரன் சொன்னபோதும் நீளம் எவ்வளவு, படிக்கப்போவது யார் என்ற பேச்சே எழவில்லை. பைரன் தொடங்கியது சில பக்கங்களிலேயே நின்றுபோக, அந்தக் கருவை எடுத்துக்கொண்டு அவருடைய மருத்துவர் போலிடோரி எழுதிய இரத்தக்காட்டேரிக் கதை 1819இல் வெளிவந்தது. சில பக்கச் சிறுகதையாகவே முதலில் எண்ணியிருந்த மேரி ஷெல்லியோ, விரித்து எழுதும்படி கணவர் தூண்டியதால், 1818இல் 'பிராங்கன்ஸ்டைன்' என்ற மூன்று பாக நாவலோடு வந்து நின்றார். சொல் ஒன்றுதான், நின்றுபோன துண்டு, சிறுகதை, நாவல் என்று மூன்று அளவுகளில் அது முளைத்தது.

கேள்வி: அப்படியானால் முதலில் தீர்மானிக்க வேண்டியது நீளத்தையா, வாசகரையா?

பதில்: வாசகரை. அவர் யார் என்று தெரிந்த பிறகு நீளம் பெரும்பாலும் தானாகவே தெரிந்துவிடும். மாத்தளையிலிருந்து ரத்தோட்டை வழியாக ஏறும் பாதையில், நக்கிள்ஸ் மலைத்தொடரின் ரிவர்ஸ்டனைக் களமாக எடுத்துக்கொண்டால் இது விளங்கும். புதிதாக எழுதுபவர் முதலில் பனிமூட்டத்தைத்தான் பிடிப்பார். ஆனால் அந்தப் பக்கத்தவருக்குப் பனிமூட்டம் என்பது காயாத துணியே தவிர, பயம் அல்ல. அவரை அசைக்கக்கூடியது வேறொன்று: ஒருகாலத்தில் அந்தக் காட்டு நிழலில் ஏலம் பயிரிட்டு, கொட்டில்களில் விறகு மூட்டிக் காய்களை உலர்த்தியதும், காடு பாதுகாக்கப்பட்ட பின் அக்கொட்டில்களில் பல கைவிடப்பட்டதும் அவருக்குத் தெரியும். எனவே, கூரை சரிந்த கொட்டில் ஒன்றைக் கடக்கும்போது சூடேறிய ஏலக்காயின் மணம் மூக்கில் ஏறியது என்று ஒரு வாக்கியம் எழுதினால் போதும், கதைக்குள் பேய் வந்துவிடுகிறது. இரண்டு பக்கத்தில் முடிந்துவிடக்கூடிய கதை அது.

அதே வாக்கியத்தைச் சென்னை வாசகர் படித்தால் பாயசம்தான் நினைவுக்கு வரும். அவருக்காகக் கொட்டிலையும், சாம்பல்கூட மிஞ்சாத அதன் அடுப்பையும், பல ஆண்டுகளாக அங்கே தீ மூட்டப்படாததையும் கதையின் முன்பகுதியிலேயே பகல் வெளிச்சத்தில், யாரோ வழி சொல்லும் சாக்கில் காட்டிவிட வேண்டும். இதை முன்னிடுதல் எனலாம். அதாவது, பின்னால் பயமுறுத்தப்போகும் பொருளை முன்னால் பயமில்லாமல் அறிமுகப்படுத்துவது. அதற்கு ஒரு காட்சி கூடுவதால் இரண்டு பக்கம் ஐந்தாகும். மணம் வந்த பிறகு அதை விளக்கப் புகுந்தால், பேய் வாசலில் காத்திருக்கப் பாடம் நடத்துவது போலாகிவிடும்.

கேள்வி: ஐந்து பக்கம் ஐம்பதாகாமல் எங்கே நிறுத்துவது?

பதில்: ஒரே அமர்வில், அதாவது அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்குள், படித்து முடியும் கதைக்கே ஒருமித்த உணர்ச்சி கைகூடும் என்று எட்கர் ஆலன் போ 1842இல் எழுதினார். அது மேல் எல்லைதான். பேய்க்கதைக்கு அதனினும் கறாரான அளவுகோல் ஒன்று உண்டு. மணம் உண்மையா, நடந்த களைப்பில் மூக்கு செய்த குறும்பா என்று வாசகர் ஊசலாடும் வரையில்தான் அவருக்குப் பயம் இருக்கும் என்பதால், ஊசலாட்டம் நிற்பதற்குச் சற்று முன்பாகக் கதை நின்றுவிட வேண்டும். புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'யில் வீட்டுக்கு வந்தவள் பேய்தானா, எழுத்தாளனான கதைசொல்லியின் மனம்தானா என்பது கடைசிவரை தீர்ப்பாவதில்லை. அங்கேயும் மணமே முதல் அறிகுறி என்பது கவனிக்கத்தக்கது.

கதை நீண்டுவிட்டது என்பதைக் கண்டுபிடிக்க, இறந்தவரின் வரலாற்றைச் சொல்ல ஒரு முதியவர் வருகிறாரா என்று பார்த்தால் போதும். அவர் வாய் திறக்கும் இடத்துக்கு முந்தைய வாக்கியமே பெரும்பாலும் கதையின் முடிவு.

கேள்வி: பேய்க்கதையில் பேய் கட்டாயம் வர வேண்டுமா?

பதில்: ரிவர்ஸ்டன் கதையில் ஏலக்காய் மணம் மட்டுமே வருகிறது. தம்மை ஏமாற்றிவிட்டதாக நினைக்கும் ஆசிரியர், அடுத்த முறை இரண்டு சொல்லாவது கொடுப்பார்.