“சரி, வெச்சுடறேன்”

எங்கள் வீட்டில் ஒரு நிறுவனர் இருக்கிறார். இட்லிப் பொடி, பருப்புப் பொடி, ரசப் பொடி விற்கிறார். நான் அவருடைய கணவன். பதவி, இன்ஸ்டாகிராம் கேப்ஷன் எழுத்தர். சம்பளம், இரண்டு வேளை காபி. அவர் அடுப்படியிலிருந்து வாய்ஸ் நோட் அனுப்புவார், நான் கூடத்தில் உட்கார்ந்து அவரே பேசுவதுபோல எழுத வேண்டும். எழுந்து போய்ச் சந்தேகம் கேட்கக் கூடாது. வறுக்கிற நேரம்.

ஆபீஸில் கோப்புக் குறிப்பு எழுதியே தலை நரைத்தவன் நான். “தரமான முறையில் தயாரிக்கப்பட்டது” என்பது கை தானாக எழுதிவிடும். அவர் வாயில் அது வந்ததே இல்லை. அதனால் முதலில், காதில் விழுவதை இழுவை, தும்மல் உட்பட அப்படியே எழுதிக்கொள்வேன். இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டினால் சேதி கிடைக்கும், ஆள் கிடைக்க மாட்டார். எங்கே நிறுத்தினார், எங்கே குரலை ஏற்றினார் என்பது போய்விடும்.

போன வார நோட்டின் முதல் பாதி “பாரம்பரியம், ஆரோக்கியம்” என்றே போயிற்று. அது கேப்ஷனுக்கென்று பேசியது. எந்தப் பொடிக்கும் பொருந்தும். “சரி, வெச்சுடறேன்” என்ற பிறகுதான் சரக்கு வந்தது. ரெக்கார்டிங்கை லாக் செய்துவிட்டு வாணலியைப் பிடிப்பவர், நிறுத்த மறந்துவிடுவார். “இந்தத் தடவ கறுப்பு எள்ளுங்க. கலர் மங்கலா இருக்கும். கெட்டுப்போச்சுன்னு எவளாவது போன் பண்ணா நீங்களே பேசிக்குங்க.”

“எவளாவது” எனக்கான சொல், வாடிக்கையாளருக்கு ஆகாது. மிச்சத்தை எடுத்து, “இரும்புச்சத்து நிறைந்தது!” என்று நானாக ஒட்டினேன். பிறகு அடித்தேன். அவர் சொல்லாததைச் சொன்னால், கேட்கிறவர்களுக்கு அவர்தானே பதில் சொல்ல வேண்டும்? கேப்ஷனில் 2,200 எழுத்துக்கு இடமுண்டு, ஆனால் தட்டித் திறக்காதவர் கண்ணில் படுவது முதல் ஓரிரு வரிதான். ஆகவே எள்ளும் கலரும் முன்னே.

அடுத்து பழைய பதிவுகள். நான் வேலைக்குச் சேருவதற்கு முன் அவர் கைப்பட எழுதியவற்றை மட்டும் தனி நோட்டில் வைத்திருக்கிறேன். எல்லாவற்றையும் கலந்து பார்த்தால் “பொடிப் பிரியர்களே” அடிக்கடி வருகிறது. அது நிறுவனரின் வழக்கம் இல்லை, எழுத்தரின் வியாதி. அவருடைய பதிவுகளில் ஆச்சரியக்குறி கிடையாது. சின்னச் சின்ன வாக்கியம். முடிவில் ஒரு உத்தரவு இருக்கும்.

கடைசியில் தேறியது இது:

“இந்தத் தடவ கறுப்பு எள்ளு. பொடி கலர் மங்கலாதான் இருக்கும். கெட்டுப்போகல, போன் பண்ணாதீங்க. நல்லெண்ணெய் தாராளமா ஊத்திக்குங்க.”

வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன். மூச்சு எங்கும் முட்டவில்லை. நிறுவனரும் கரண்டியோடு வந்து பார்த்து, போடச் சொன்னார்.

சாயங்காலம் அவர் தங்கை போன் பண்ணினாள். “அக்கா, அப்படியே நீ பேசற மாதிரியே இருக்கு. அத்திம்பேர்தானே எழுதினாரு?”

“எப்படிடி கண்டுபிடிச்ச?”

“நீ என்னிக்கு கமா போட்ட?”