மூன்று முறை கழன்ற பம்பர்

செவ்வாய்க்கிழமை கொடுத்த எஸ்டிமேட் இன்னும் சட்டைப்பையில்தான் இருக்கிறது. எடுத்துப் படித்தால் பிரஷர் ஏறுகிறது, படிக்காமலும் இருக்க முடியவில்லை. ஒரிஜினல் பார்ட்டையும் லோக்கலையும் எப்படிக் கண்டுபிடிப்பது என்று சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் அந்த லேபர் பக்கம்.

சிக்னலில் முன்னால் நின்ற வேனை நான் முட்டியதில் பம்பர் கிழிந்தது, கிரில் உடைந்தது, ஹெட்லைட்டின் பிளாஸ்டிக் காது ஒன்று போனது. எஸ்டிமேட்டில்: பம்பர் மாற்ற, பம்பரைக் கழற்றி மாட்ட 850 ரூபாய். கிரில் மாற்ற, பம்பரைக் கழற்றி மாட்ட 850. ஹெட்லைட் மாற்ற, பம்பரைக் கழற்றி மாட்ட 850.

"தம்பி, ஒரு தடவை கழட்டிக் கீழே வச்சிருக்கும்போதே மத்த ரெண்டையும் முடிச்சிடலாமே?"

"சிஸ்டம் அப்படித்தான் எடுக்கும் சார்."

கழற்றுகிறார்கள், மாட்டுகிறார்கள், டீ குடிக்கிறார்கள். "அடடா, கிரில்!" என்று மறுபடி கழற்றுகிறார்கள். மாட்டிக் கைதுடைத்ததும் ஒருவனுக்கு ஹெட்லைட் ஞாபகம் வருகிறது. ரிசப்ஷனில் நிற்கும் கல்யாணப் பெண்கூட மூன்று புடவைக்குமேல் மாற்றுவதில்லை. அவளுக்கும் யாரும் தடவைக்கு 850 வாங்குவதில்லை.

வந்த சர்வேயர் இரண்டு 850-ஐ அடித்தார். 1,700 மிச்சம் என்று வீட்டுக்குப் போன் போட்டேன். சர்வேயர் அடித்தால் இன்ஷூரன்ஸ் தராது என்றுதான் அர்த்தம், கராஜ் விட்டுவிடும் என்றல்ல. கஸ்டமர் பங்கில் அதே 1,700 வந்து உட்கார்ந்தது. வேலைக்குச் சம்மதம் சொல்லும் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்பதால் மட்டுமே சண்டை போட்டு எடுக்க முடிந்தது.

ஹெட்லைட் விலை 11,200. கண்ணாடிக்குத் தேய்மானம் பிடிக்க மாட்டார்களே என்றேன். பார்க்கக் கண்ணாடி, பாலிசிக்குப் பிளாஸ்டிக். பாதி, அதாவது 5,600, என் தலையில். ஜீரோ டெப் வேண்டாமென்று சில ஆயிரம் மிச்சம் பிடித்த மேதை நான்தான். சில மாடலுக்கு அந்தக் காது மட்டும் ரிப்பேர் கிட்டாகக் கிடைக்கும். அதைக் கேட்கிற தைரியம் வீட்டுக்கு வந்தபிறகு வந்தது.

ஒரிஜினல் விஷயம். லோக்கல் போடுவது தப்பில்லை. பில்லில் ஒரிஜினல் விலை போட்டுவிட்டு காரில் லோக்கலை மாட்டுவதுதான் திருட்டு. பில்லில் பார்ட் நம்பர் கேளுங்கள். மாட்டுவதற்கு முன்னாலேயே பெட்டியில் இருக்கும் நம்பரோடும் எம்.ஆர்.பி.யோடும் ஒத்துப் பாருங்கள். உடைந்த பழையதையும் காட்டச் சொல்லுங்கள். நானும் கேட்டேன், டெலிவரி அன்றைக்கு.

"பெட்டியெல்லாம் குப்பைக்குப் போயாச்சு சார். நம்பர் ஸ்டிக்கர் லைட்டுக்குப் பின்னாடி இருக்கும்."

"சரி, காட்டு."

தம்பி குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார்.

"அதுக்கு பம்பரைக் கழட்டணும் சார்."