இரண்டு காயின், ஒரு ஷார்ட்

கேள்வி: ஈதரை வாங்கி, அதே அளவு பிட்காயினை ஷார்ட் செய்துவிட்டால் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் கவலையில்லையாமே?

பதில்: கவலை போகாது, இடம் மாறும். இனி உங்கள் பந்தயம் சந்தையின் மீதல்ல. பிட்காயினைவிட ஈதர் நன்றாக ஓடும் என்பதன் மீது. ஓடாவிட்டால் நஷ்டம்தான்.

பெரிய ஆபத்து மார்ஜினில் இருக்கிறது. 1,000 டாலருக்கு ஈதர் வாங்கி வாலட்டில் வைக்கிறீர்கள். 200 டாலர் மார்ஜினில் 1,000 டாலருக்கு பிட்காயின் ஷார்ட். இரண்டும் 20 சதவீதம் ஏறினால் கணக்குப்படி லாபமும் நஷ்டமும் சரிக்குச் சரி. ஆனால் எக்ஸ்சேஞ்ச் உங்கள் வாலட்டைப் பார்ப்பதில்லை. ஏற்றம் 20 சதவீதத்தைத் தொடும் முன்பே ஷார்ட்டை மூடி, மார்ஜினை எடுத்துக்கொள்ளும். பிறகு விலைகள் பழைய இடத்துக்கே திரும்பினால் ஈதரின் லாபம் கரைந்துவிடும், போன 200 டாலர் போனதுதான். அதற்குமேல் சந்தை சரிந்தால், காக்க ஷார்ட்டே இல்லாமல் ஒற்றைக் காலில் நிற்பீர்கள்.

ஆகவே ஷார்ட்டுக்கு 200 அல்ல, 1,000 டாலரையே மார்ஜினாக வையுங்கள். விலை ஏறக்குறைய இரட்டிப்பாகும்வரை தாங்கும். இன்னொன்று: பிட்காயின் 10 சதவீதம் விழும்போது ஈதர் 13 விழுவதாக இருந்தால், சம தொகை சமநிலை ஆகாது. ஷார்ட் 1,300 டாலருக்கு வேண்டும். அந்த விகிதமும் மாறிக்கொண்டே இருக்கும், மாதாமாதம் பார்த்துத் திருத்துங்கள்.